வரி குறைந்தது, மூலதனச் செலவு ஏறியது

(ஒரு பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்காக கோவாவுக்குப் போயிருந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கூட்டம் தொடங்குவதற்கு முன் பத்திரிகையாளர்களைச் சந்தித்து நிறுவன வரியைக் குறைப்பதாக அறிவித்தார். சலுகைகளையும் விலக்குகளையும் விட்டுக்கொடுக்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அடிப்படை வரி 22 சதவீதம். கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்தால் 25.17 சதவீதம். அதுவரை பெரிய நிறுவனங்கள் கட்டிவந்தது 34.94 சதவீதம். அன்று சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறி 38,014-இல் முடிந்தது. ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றம்.

தொழிலதிபர்கள் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கடன் வாங்கித் தொழில் நடத்தும் கம்பெனிகளின் நிதிப் பிரிவில் ஒரு கணக்கு எதிர்த்திசையில் நகர்ந்தது. புதிய திட்டங்களைத் தேர்வு செய்ய அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலான மூலதனச் செலவு உயர்ந்தது. வரி குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும்? அது ஏன் ஏறியது என்பதைப் புரிந்துகொண்டால், இந்தக் கணக்கின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

கணக்கின் முழுப்பெயர் நிறையிட்ட சராசரி மூலதனச் செலவு. நிதித்துறையில் சுருக்கமாக ‘வாக்’ என்பார்கள். ஒரு நிறுவனத்தில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று பங்குதாரர் பணம், மற்றது கடன் கொடுத்தவர் பணம். இரண்டு தரப்பும் எதிர்பார்க்கும் வருமானம் வேறு வேறு. அந்த இரண்டையும், மொத்தத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பார்த்துச் சராசரி எடுத்தால் வருவது வாக். ஒரு புதிய திட்டம் குறைந்தது இவ்வளவாவது ஈட்டினால்தான் இரு தரப்பும் திருப்தி அடைவார்கள் என்று அந்த எண் சொல்கிறது.

```
WACC = (E/V) × Re + (D/V) × Rd × (1 − T)
V = E + D
```

E என்பது பங்குகளின் மதிப்பு, D கடனின் மதிப்பு. Re பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம், Rd கடனுக்கான வட்டி, T வரி விகிதம். சூத்திரம் ஒரு வரிதான். தவறு நடப்பதெல்லாம் அதற்குள் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில். குறிப்பாக E, D இரண்டையும் எங்கிருந்து எடுப்பது, T-யை யாருக்கு எவ்வளவு போடுவது என்ற இரண்டு இடங்களில்.

கணக்குக்காக ஒரு நூற்பாலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, ஆண்டு விற்றுமுதல் 400 கோடி ரூபாயைத் தாண்டிய ஆலை. 10 ரூபாய் முகமதிப்புள்ள 10 கோடிப் பங்குகள் இருக்கின்றன. ஆக, பங்கு மூலதனம் 100 கோடி. பல வருட லாபத்தில் சேர்த்துவைத்த காப்பு நிதி 300 கோடி. ஏட்டில் பங்குதாரர் பணம் மொத்தம் 400 கோடி. வங்கியில் மாறும் வட்டியில் வாங்கிய நீண்டகாலக் கடன் 515 கோடி, இப்போதைய வட்டி 10 சதவீதம். அதுபோக, சில ஆண்டுகளுக்கு முன் 8 சதவீத வட்டியில் வெளியிட்ட கடன் பத்திரங்கள் 300 கோடி. அவை முதிர்வடைய இன்னும் 3 ஆண்டுகள் இருக்கின்றன.

அறிவிப்புக்கு முந்தைய நாள் ஆலையின் பங்கு 120 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம்.

முதலில் வட்டி. கடன் பத்திரத்தின் மேல் 8 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்த 8 என்பது வெளியிட்ட வருடத்து நிலவரம். இன்று இதே ஆலை கடன் கேட்டுப் போனால் 10 சதவீதம் இல்லாமல் யாரும் தரமாட்டார்கள். புதிய திட்டத்துக்கு வேண்டியது புதிய பணம் என்பதால் அதன் விலை 10 சதவீதம்தான். சந்தையில் 10 சதவீதம் கிடைக்கும்போது வருடத்துக்கு 8 ரூபாய் மட்டும் தரும் 100 ரூபாய்ப் பத்திரத்தை யாரும் 100 ரூபாய்க்கு வாங்கமாட்டார்கள். 3 ஆண்டு வட்டியையும் கடைசியில் வரும் அசலையும் 10 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 95 ரூபாய் வருகிறது. ஆக 300 கோடிப் பத்திரங்களின் சந்தை மதிப்பு 285 கோடி. வங்கிக் கடனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வட்டி சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் 515 கோடி 515 கோடியாகவே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து கடனின் சந்தை மதிப்பு 800 கோடி.

பங்குதாரரின் எதிர்பார்ப்பு எந்த ஒப்பந்தத்திலும் எழுதியில்லை. அதை ஊகிக்கத்தான் வேண்டும். பெரும்பாலோர் செய்வது இது: அரசுப் பத்திரத்தின் வருமானத்தை எடுத்துக்கொள்வார்கள். பங்குச் சந்தையில் இறங்கும் துணிச்சலுக்கான கூடுதல் வருமானத்தை, இந்தப் பங்கு சந்தையைவிட எவ்வளவு அதிகம் ஆடுகிறது என்பதைக் காட்டும் பீட்டாவால் பெருக்கி அதோடு சேர்ப்பார்கள். அரசுப் பத்திரம் 6.75, பீட்டா 1.25, கூடுதல் வருமானம் 7 என்று வைத்தால் 15.5 சதவீதம் கிடைக்கும். பீட்டாவைப் பற்றித் தனியாக ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம். இன்று அதை அப்படியே விட்டுவிட்டு எடைகளுக்குப் போகலாம்.

பேலன்ஸ் ஷீட்டைப் பிரித்தால் பங்குதாரர் பணம் 400 கோடி, கடன் 815 கோடி. ஏட்டின்படி மூன்றில் இரண்டு பங்கு கடன். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட எண்கள், சட்டபூர்வமானவை. நாளுக்கு நாள் ஆடும் பங்கு விலையைவிட இவையே நம்பகமானவை என்று பலருக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையோடு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய வரியான 34.94 சதவீதத்தில், வரிக்குப் பிந்தைய வட்டி 6.5 சதவீதம் ஆகிறது. அது எப்படி என்பது பின்னால் வரும். பங்குக்கு 33 சதவீத எடை, கடனுக்கு 67 சதவீத எடை. வாக் ஏறத்தாழ 9.5 சதவீதம்.

இப்போது சந்தை மதிப்பில். 10 கோடிப் பங்குகள், ஒவ்வொன்றும் 120 ரூபாய். ஆக 1,200 கோடி. கடன் 800 கோடி. மொத்தம் 2,000 கோடி. பங்குக்கு 60, கடனுக்கு 40. அதே 15.5, அதே 6.5. இம்முறை வாக் 11.9 சதவீதம்.

வித்தியாசம் 2.4 சதவீதப் புள்ளிகள். சின்னதாகத் தோன்றும். ஆலை 100 கோடி ரூபாய் போட்டு ஒரு புதிய நூற்புப் பிரிவு தொடங்கலாமா என்று யோசிக்கிறது. அதிலிருந்து வரிக்கு முன் வருடத்துக்கு 18 கோடி இயக்க லாபம் வரும், அது அப்படியே தொடரும் என்று வைத்துக்கொள்வோம். வரி போக மிஞ்சுவது 11.71 கோடி. ஏட்டு எடையின் 9.5 சதவீதத்தால் வகுத்தால் இந்தப் பிரிவின் மதிப்பு 123 கோடி. போட்ட 100 கோடிக்கு மேல் 23 கோடி லாபம் என்று இயக்குநர் குழு கைதட்டும். சந்தை எடையின் 11.9 சதவீதத்தால் வகுத்தால் மதிப்பு 98 கோடி. போட்ட பணமே திரும்பவில்லை. இரண்டு கணக்கிலும் ஆலை ஒன்று, இயந்திரம் ஒன்று, லாபம் ஒன்று. எடையை எடுத்த இடம் மட்டும் வேறு.

சந்தை எடைதான் சரி என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏட்டில் உள்ள 400 கோடி, பங்குதாரர்கள் எப்போதோ போட்ட பணமும் அவர்கள் எடுக்காமல் விட்ட லாபமும். தாத்தா 2,000 ரூபாய்க்கு வாங்கிய நிலம் இன்று கோடிக்கு விலை போகிறது என்றால், பேரன் அதை வைத்திருப்பதா விற்பதா என்று முடிவெடுக்கும்போது கிரயப் பத்திரத்தில் உள்ள 2,000-ஐப் பார்ப்பதில்லை. பங்குதாரரும் அப்படித்தான். 120 ரூபாய்க்கு இன்று விற்றுவிட்டு வேறு எங்காவது போடும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த ஆலையில் தங்கியிருப்பதற்கு அவர் 15.5 சதவீதம் எதிர்பார்ப்பது அந்த 120 ரூபாயின் மேல்தானே தவிர, ஏட்டில் ஒரு பங்குக்கு வரும் 40 ரூபாயின் மேல் இல்லை. Re என்ற எண்ணே சந்தையிலிருந்து எடுத்தது. அதற்கான எடையை மட்டும் பழைய ஏட்டிலிருந்து எடுத்தால் இரண்டும் ஒட்டாது.

ஏட்டு எடை எல்லா இடத்திலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. நெய்வேலியின் அனல்மின் நிலையங்களுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம், கடன் 70, பங்கு 30 என்ற வழமையான விகிதத்தையும், பங்குக்கு 15.5 சதவீத வருமானத்தையும் பல ஆண்டுகளாகக் கையாண்டுவருகிறது. அங்கே திட்டச் செலவுதான் அடிப்படை, சந்தை மதிப்பு இல்லை. அதற்கு நியாயம் உண்டு. மின் நிறுவனத்தின் பங்கு விலையே ஆணையம் தரும் கட்டணத்தைப் பொறுத்தது. அந்த விலையை எடுத்துக் கட்டணம் நிர்ணயித்தால் நாய் தன் வாலையே துரத்திய கதையாகிவிடும். வரியையும் அங்கே கடன் வட்டியில் கழிப்பதில்லை. பங்கு வருமானத்தின் மேல் வரியைச் சேர்த்து வசூலித்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். இந்த முறையில் பழகிய பொறியாளர்களும் கணக்கர்களும் தனியார் ஆலைக்கு வந்து அதே 70:30-ஐக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அடுத்தது, சூத்திரத்தின் வால்பகுதியில் இருக்கும் (1 − T).

வட்டி ஒரு செலவு. லாபத்தைக் கணக்கிடும் முன்பே அதைக் கழித்துக்கொள்ள வரிச்சட்டம் அனுமதிக்கிறது. பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்ட் அப்படியில்லை. வரி கட்டியபின் மிஞ்சியதிலிருந்துதான் தரமுடியும். எனவே ஆலை வங்கிக்கு 100 ரூபாய் வட்டி கட்டினால், அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் 34.94 ரூபாய் குறைகிறது. ஆலையின் கையிலிருந்து உண்மையில் போவது 65.06 ரூபாய். 10 சதவீத வட்டி 6.5 சதவீதமாக மாறும் வழி இதுதான். இந்த மிச்சத்துக்குத்தான் வரிக் கவசம் என்று பெயர்.

இதன் அளவைக் கண்டுபிடித்தவர்களே முதலில் தடுமாறினார்கள் என்பது சுவையான செய்தி. ஃபிராங்கோ மொதிலியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் அடித்தளம். வரி இல்லாத உலகத்தில் கடன் அதிகம் வாங்கினாலும் குறைவாக வாங்கினாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று அதில் நிறுவினார்கள். வரியைச் சேர்த்தபோது கணக்கில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. 1963-இல் அதே இதழில், தலைப்பிலேயே ‘ஒரு திருத்தம்’ என்று போட்டு இன்னொரு கட்டுரை எழுதினார்கள். கடனால் கிடைக்கும் வரிப் பலன் தாங்கள் முன்பு சொன்னதைவிடப் பெரியது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். பின்னாளில் மொதிலியானிக்கு 1985-இலும் மில்லருக்கு 1990-இலும் நோபல் பரிசு கிடைத்தது. தங்கள் தவறைத் தாங்களே அச்சில் திருத்திக்கொண்டவர்களுக்கு அது பொருத்தம்தான்.

கவசத்தின் கனம் வரி விகிதத்தைப் பொறுத்தது. வரி அதிகமாக இருக்கும் வரை கவசமும் கனமாக இருக்கும். வரி 25.17 சதவீதமாக இறங்கிய அன்று, 100 ரூபாய் வட்டிக்கு மிச்சமாவது 25.17 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. வங்கி ஒரு பைசா கூட ஏற்றவில்லை. ஆனாலும் ஆலையின் வரிக்குப் பிந்தைய வட்டி 6.5-லிருந்து 7.5 சதவீதமாகிவிட்டது. எடையையும் பங்குதாரரின் எதிர்பார்ப்பையும் அப்படியே வைத்தால், வாக் 11.9-லிருந்து 12.3 ஆகிறது. கோவா அறிவிப்பின் மறுபக்கம் இது.

அப்படியானால் வரிக் குறைப்பு ஆலைக்கு நட்டமா? இல்லவே இல்லை. வாக்கை மட்டும் தனியாகப் பார்ப்பவர்கள் விழும் குழி இது. மேலே சொன்ன நூற்புப் பிரிவையே மறுபடி எடுத்துக்கொள்வோம். 18 கோடி இயக்க லாபத்தில் இப்போது வரி போக மிஞ்சுவது 11.71 இல்லை, 13.47 கோடி. அதை 12.3 சதவீதத்தால் வகுத்தால் மதிப்பு 109.5 கோடி. அளவுகோல் கொஞ்சம் நீண்டது, ஆனால் அளக்கப்படும் பொருள் அதைவிட நன்றாக வளர்ந்துவிட்டது. வியாழக்கிழமை 98 கோடி மதிப்பில் தள்ளுபடியான திட்டம், வெள்ளிக்கிழமை தேறிவிட்டது.

ஆனாலும் எல்லோருக்கும் ஒரே அளவு லாபமில்லை. ஆலையின் மொத்த இயக்க லாபம் வருடத்துக்கு 240 கோடி என்று கொள்வோம். வங்கிக்கு 51.5 கோடி, கடன் பத்திரங்களுக்கு 24 கோடி, ஆக வட்டி 75.5 கோடி. வரிக்கு உட்பட்ட லாபம் 164.5 கோடி. வரி 57.5 கோடியிலிருந்து 41.4 கோடியாகக் குறைகிறது. மிச்சம் 16.1 கோடி. பக்கத்தில் இதே 240 கோடி லாபம் உள்ள, ஒரு ரூபாய்கூடக் கடன் இல்லாத ஆலை இருந்தால் அதற்கு மிச்சம் 23.5 கோடி. இடையிலுள்ள 7.4 கோடிதான் முதல் ஆலையின் கவசத்திலிருந்து கழன்று விழுந்த பகுதி. அன்று சந்தையில் எல்லாப் பங்குகளும் ஒரே அளவு ஏறாததற்குப் பல காரணங்கள் இருந்தன. யார் எவ்வளவு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று.

இங்கே இன்னொரு தவறையும் காட்டிவிட வேண்டும். அனுபவசாலிகள்கூட இதில் மாட்டுவதுண்டு. நூற்புப் பிரிவுக்கான 100 கோடியில் 40 கோடி கடன். அதற்கு வட்டி 4 கோடி. பழைய வரியில் அதனால் 1.4 கோடி வரி மிச்சம். திட்ட அறிக்கை தயாரிப்பவர், ‘வங்கி கேட்பது கட்டப்போகும் உண்மையான வரியைத்தானே’ என்று நினைத்து, அந்த 1.4 கோடியையும் ஆண்டு வரவில் சேர்த்துவிடுகிறார். 11.71 கோடி 13.11 கோடியாகிறது. அதை 11.9 சதவீதத்தால் வகுத்தால் 110 கோடி. 98 கோடித் திட்டம் காகிதத்தில் 12 கோடி பெருத்துவிட்டது. கவசத்தின் பலன் ஏற்கெனவே (1 − T) வழியாக 11.9-க்குள் இருக்கிறது. அதை மேலேயும் சேர்த்தது இரட்டைக் கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அறிக்கையில் வரி என்று போட்டிருக்கும் தொகையை இயக்க லாபத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை வரி விகிதமாகவே வந்தால் சரி. அதைவிடக் குறைவாக வந்து, வாக்கிலும் (1 − T) இருந்தால் யாரோ ஒரே மிச்சத்தை இரண்டு முறை எண்ணியிருக்கலாம். கடனே இல்லாததுபோல் வரியைக் கணக்கிட்டு வரவை எடுத்துக்கொண்டு, கடனின் பலனை முழுக்க விகிதத்திடம் விட்டுவிடுவதுதான் வாக் முறையின் ஒப்பந்தம்.

கவசம் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதும் இல்லை. வரி கட்ட லாபம் இருப்பவருக்குத்தான் வரி மிச்சமாகும். சூத்திரத்தில் T இருக்கிறது என்பதற்காகப் பட்டியல் விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுபவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள்.

அதே 2019 அக்டோபர் 24-இல், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்துக்கு எந்தெந்த வருவாயைச் சேர்ப்பது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டுக்கு வோடஃபோன் ஐடியா காட்டிய நட்டம் 50,900 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியாவில் அதுவரை எந்த நிறுவனமும் ஒரு காலாண்டில் காட்டாத நட்டம். இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு மலைபோலக் கடன் இருக்கிறது, வட்டியும் போகிறது. ஆனால் வரிக்கு உட்பட்ட லாபம் இல்லாதபோது வட்டியைக் கழிக்க இடமேது? 10 சதவீத வட்டியை 7.5 என்று எழுதுவது வெறும் காகித அலங்காரம். அந்த ஆண்டுகளுக்கு அதன் வட்டிச் செலவு முழு 10 தான்.

நட்டத்தைப் பின்னாளில் ஈடுகட்டிக்கொள்ளலாமே என்ற கேள்வி வரும். தொழில் நட்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்கொண்டுசெல்ல இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 5 ஆண்டு கழித்து மிச்சமாகும் 100 ரூபாய், 10 சதவீதக் கழிவில் இன்றைக்கு 62 ரூபாய்தான். லாபம் வராமலே 8 ஆண்டு கடந்துவிட்டால் அதுவும் இல்லை. எனவே நட்ட நிறுவனத்துக்கு எல்லா ஆண்டுக்கும் ஒரே வாக் போடுவது பொருந்தாது. வரி கட்டாத ஆண்டுகளில், வரவிலும் வட்டியிலும் வரியைப் பூஜ்யமாக வைக்க வேண்டும். வரி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் மறுபடி கணக்கு உடையும்.

லாபம் இருந்தும் கவசம் நழுவும் வழி ஒன்றும் உண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு, வங்கிக்கும் நிதி நிறுவனங்களுக்கும் தரவேண்டிய வட்டியை உண்மையில் கட்டினால்தான் செலவாக ஏற்றது. ஏட்டில் எழுதிவைத்தால் போதாது. கட்ட முடியாத வட்டியை வங்கி புதுக் கடனாக மாற்றிக் கொடுத்தால், அது வட்டி கட்டியதாக ஆகாது என்றும் சட்டத்தில் விளக்கம் சேர்த்தார்கள். கடன் சீரமைப்பில் இருக்கும் ஆலையின் கணக்கை எடுக்கும்போது, லாப நட்டக் கணக்கில் உள்ள வட்டியையும் பணப்பாய்வு அறிக்கையில் உண்மையாகக் கட்டிய வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதனால்தான் அவசியமாகிறது. முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், கவசத்தில் ஓட்டை.

2019-இன் புதிய விகிதமும் தானாக வந்துவிடவில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாங்கினால் பழைய சலுகைகளையும், குறைந்தபட்ச மாற்று வரியாகக் கட்டிச் சேர்த்துவைத்த வரவுகளையும் அப்போது கைவிட வேண்டியிருந்தது. அந்த வரவு நிறைய வைத்திருந்த நிறுவனங்கள், அதைக் கரைக்கும் வரை பழைய முறையிலேயே இருப்பது லாபம் என்று கணக்குப் போட்டன. அவர்களுக்கு T எத்தனை என்பதை அறிவிப்பைப் படித்துச் சொல்ல முடியாது. அவர்களுடைய வரிக் கணக்கின் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்னும் ஒரு ரூபாய் வட்டி கூடினால், இந்த நிறுவனம் கட்டும் வரியில், எந்த ஆண்டில், எத்தனை பைசா குறையும்?

வரியை இந்த அளவுக்கு ஆராய்ந்துவிட்டு மறுபடி எடைக்கு வந்தால் ஒரு நடைமுறைத் தொல்லை காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆலையின் பங்கு 120-லிருந்து 132 ரூபாயாக ஏறிவிட்டது என்று கொள்வோம். பங்கின் மதிப்பு 1,320 கோடி. கடன் அதே 800. பங்கின் எடை 60-லிருந்து 62 சதவீதத்தைத் தாண்டுகிறது. வாக் 12.3-லிருந்து 12.5-ஐ நெருங்குகிறது. திங்கட்கிழமை இன்னும் ஏறினால் இன்னும் மாறும். 20 ஆண்டு ஓடப்போகும் இயந்திரத்தை வாங்கலாமா என்ற முடிவு, பங்கு விலையின் ஒரு வார ஆட்டத்தில் தொங்க முடியுமா?

முடியாது என்பதால்தான் அனுபவம் உள்ளவர்கள் அன்றைய விலையைப் பிடித்துத் தொங்குவதில்லை. நிறுவனம் நீண்டகாலத்தில் எந்த விகிதத்தில் கடன் வைத்திருக்கப்போகிறது என்று நிர்வாகத்தைக் கேட்பார்கள். அதே தொழிலில் உள்ள மற்றப் பட்டியலிட்ட நிறுவனங்களின் விகிதத்தை, அதுவும் சந்தை மதிப்பில்தான், எடுத்து ஒப்பிடுவார்கள். இரண்டும் பொருந்தும் ஒரு இலக்கு விகிதத்தை எடையாக வைப்பார்கள். சூத்திரமும் உள்ளூர அதையே எதிர்பார்க்கிறது. ஒரே வாக்கை எல்லா ஆண்டுக்கும் போட்டால், கடன் விகிதம் எல்லா ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று சொன்னதாகிவிடும். 5 ஆண்டில் கடனை முழுக்க அடைத்துவிடும் திட்டத்துக்கு இது சரிப்படாது. அங்கே கடனே இல்லாததுபோல் திட்டத்தை மதிப்பிட்டு, வரி மிச்சத்தை ஆண்டுக்கு ஆண்டு தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவது சுத்தமான வழி.

பட்டியலிடாத குடும்ப நிறுவனம் என்றால் பங்கு விலை என்று ஒன்றே இல்லை. மதிப்பைக் கண்டுபிடிக்க வாக் வேண்டும், வாக்கைக் கண்டுபிடிக்க மதிப்பு வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் பங்குதாரர்கள் பிரியும்போது மதிப்பீட்டாளர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. ஏட்டு மதிப்பைப் போட்டு முடித்துவிடலாம் என்ற ஆசை இங்கேதான் அதிகம் வரும். வழி இல்லாமல் இல்லை. முதலில் அதே தொழிலின் பட்டியலிட்ட நிறுவனங்களிலிருந்து ஒரு எடையைக் கடன் வாங்கி வாக்கைக் கணக்கிடலாம். அதை வைத்து நிறுவனத்தை மதிப்பிட்டு, கடனைக் கழித்தால் பங்கின் மதிப்பு வரும். அந்த மதிப்பில் புதிய எடை போட்டு மறுபடி வாக், மறுபடி மதிப்பு. நான்கைந்து சுற்றில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். எக்செல்லில் இந்தச் சுழற்சியை அனுமதிக்கத் தனி அமைப்பே உண்டு. நிற்காமல் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் நிறுவனத்தின் மதிப்பைவிடக் கடன் பெரியதாகிவிட்டது என்று பொருள். அப்போது பிரிக்க வேண்டியது பங்கை அல்ல, கடனை.